உப்பளத்து மோட்டாரும் நழுவலும்

(தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளத்துப் பாத்திக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டார் புதிதல்ல. அவர்களில் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையத்தானே வேண்டும் சார்? பிறகு ஏன் காயில் கருகுகிறது?" ஓமின் விதியைச் சரியாகப் படித்த மாணவர்தான் இப்படிக் கேட்பார். அவருக்கான விடை நழுவலில் இருக்கிறது.

5 எச்.பி., 4 துருவ மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர்த்தகட்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 7.5 ஆம்பியர், 1440 சுற்று என்று இருக்கிறது. மூன்று சுற்றுகளில் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் மின்னோட்டங்கள் சேர்ந்து, நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. ரோட்டாரும் 1500 சுற்றிலேயே ஓடினால் புலம் அதன் கம்பிகளை வெட்டாது, மின்னோட்டம் தூண்டப்படாது, முறுக்குவிசையும் இராது. ஆகவே ரோட்டார் 60 சுற்று பின்தங்குகிறது. இதுவே 4 சதவீத நழுவல்.

இப்போது கம்பியின் கடைக்கோடியில் 340 வோல்ட்தான் வருகிறது. அதிர்வெண் மாறாததால் புலம் அதே 1500 சுற்றில்தான் சுழல்கிறது. ஆனால் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 340-ஐ 415-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.67. பம்பு கேட்கும் விசையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதை ஈடுகட்ட நழுவல் 4-இலிருந்து 6 சதவீதமாகிறது, வேகம் 1410.

30 சுற்றுக் குறைவு காதுக்கோ கண்ணுக்கோ தெரியாது. ஆனால் ரோட்டாரில் வெப்பமாகும் திறன் நழுவலுக்கு நேர்விகிதம். ஆகவே அது ஒன்றரை மடங்காகிறது. ஸ்டேட்டர் மின்னோட்டமும் சுமார் 9 ஆம்பியருக்கு ஏறுகிறது. காயில் கருகுவது இதனால்தான்.

கரும்பலகையில் முறுக்குவிசை–வேக வரைகோட்டை இரண்டு முறை வரையுங்கள். இரண்டும் 1500-இல் முடியட்டும். இரண்டாவதன் உயரம் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. பம்பின் கோடு இரண்டையும் வெட்டும் இடங்களே அந்த இரு வேகங்கள். நழுவலும் விசையும் நேர்விகிதம் என்ற நம் கணக்கு, வரைகோட்டின் வலப்புறச் சரிவில் மட்டுமே பொருந்தும். மின்னழுத்தம் மேலும் விழுந்து, உச்சியே பம்பின் கோட்டுக்குக் கீழே போனால் மோட்டார் வேகம் இழந்து திணறும். மின்னோட்டம் பல மடங்காகும்.

களத்தில் இதைக் கண்டுபிடிக்க, மோட்டார் ஓடும்போதே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நிறுத்திவிட்டு அளந்தால் கம்பியில் இழப்பு இராது. மீட்டர் நல்ல அளவையே காட்டும். கிளாம்ப் மீட்டரில் 7.5-க்கு மேல் காட்டினால் சுமை அதிகமா, மின்னழுத்தம் குறைவா என்று பார்க்க வேண்டும்.

இந்நிலையில் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழும். "தொல்லை" என்று அதன் அளவை 10 ஆம்பியருக்குத் திருப்பிவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்த ரிலே காயிலைக் காக்கவே விழுகிறது என்பதை, இந்த இரண்டு கோடுகளைக் காட்டி மாணவருக்கு விளக்கலாம்.