அனுப்புவது அல்ல, பழக்குவது எங்கள் வேலை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஓட்டமாவடியில் நாங்கள் மூன்று பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு சிறு வகுப்பு நடத்துகிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கத் தயாராகும் தாதியருக்கான வகுப்பு அது. அதைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. நாங்கள் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் நாங்கள் கட்டிய பதாகையில் ‘வெளிநாடு செல்வோருக்கான ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தோம். கணக்காளர் வந்தார், சாரதி வந்தார், உயர்தரம் எழுதிய பிள்ளைகளும் வந்தார்கள். வந்தவர்கள் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: “எப்ப அனுப்புவீங்க?” முகவர் ஒருவரிடம் காசைக் கொடுத்து ஏமாந்த சகோதரி ஒருவர், எங்களையும் அந்தக் கணக்கிலே சேர்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் ஆட்களை வேலைக்கு அனுப்பும் தொழில் செய்ய முடியாது. எங்களிடம் அந்தப் பத்திரம் இல்லை. அது எங்கள் வேலையும் அல்ல. ஆனால் எங்கள் பதாகை அப்படித்தான் பேசியது.

அதைக் கழற்றிவிட்டு எங்களையே கேட்டோம்: கொழும்புக்குப் போகாமல் இங்கேயே, எங்களால் மற்றவர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கக்கூடியது எது? எங்களில் இருவர் தாதியர். ஒருவர் ஆங்கில ஆசிரியை. விடை அதிலேயே இருந்தது.

பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்ய விரும்புவோர் ஆங்கிலத்தை நிரூபிக்க எழுதும் பரீட்சைகளில் ஒன்று ஓ.ஈ.ரி. கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 350 புள்ளி வேண்டும். எழுத்துக்கு 300 போதும். அப்படியிருந்தும் எங்களிடம் வந்தவர்களில் பலர் தடுக்கி விழுந்தது அந்த எழுத்தில்தான்.

எழுத்துப் பரீட்சை 45 நிமிடம். நோயாளியின் குறிப்புகளைத் தருவார்கள். முதல் ஐந்து நிமிடம் வாசிக்க மட்டும். மிகுதியில் ஏறக்குறைய 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். பல வருடம் வாட்டில் வேலை பார்த்த ஒரு சகோதரி 280 புள்ளியோடு எங்களிடம் வந்தார். பயிற்சிக்கு நாங்கள் கொடுத்த குறிப்பு இது: 68 வயது நீரிழிவு நோயாளி, வலது காலில் புண், புதிதாக இன்சுலின் தொடங்கியிருக்கிறது, வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிக்குக் கடிதம் எழுத வேண்டும்.

அவர் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எழுதிக்கொண்டு போனார். பழைய குடல்வால் சத்திரசிகிச்சையும் வந்தது, தினசரிக் காய்ச்சல் அளவும் வந்தது. புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும், இன்சுலின் போடுவதைக் கவனிக்க வேண்டும் என்பது கடைசி வரியில் கிடந்தது. இலக்கணப் பிழை மிகக் குறைவு. வாட்டிலே டியூட்டி மாறும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்துப் பழகிய கை அது. கடிதமோ வாசிப்பவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறது.

நாங்கள் அவருக்கு இலக்கணம் படிப்பிக்கவில்லை. குறிப்பின் ஒவ்வொரு வரியிலும் “இது அந்தத் தாதிக்கு நாளைக்குத் தேவையா?” என்று கேட்டுத் தேவையில்லாததை வெட்டப் பழக்கினோம். எதற்காக எழுதுகிறோம் என்பதை முதற் பந்தியிலேயே சொல்ல வைத்தோம். அடுத்த முறை அவருக்கு எழுத்தில் 300க்கு மேல் கிடைத்தது.

இதுவே எங்கள் புதிய பதாகையாயிற்று: ‘தாதியருக்கு ஓ.ஈ.ரி. கடிதப் பயிற்சி. வேலை எடுத்துத் தருவதில்லை.’ சேர முன்னர் ஒரு கடிதம் இலவசமாக எழுதிப் பார்க்கலாம். வசனமே அமையாதவரிடம் காசு வாங்குவதில்லை. அவருக்கு முதலில் பொது ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். ரோஸ்டர் மாறுவதால் ஒரே பாடத்தை வாரத்தில் இரு தடவை நடத்துகிறோம். நைட் டியூட்டிக்காரர் மற்ற நாளில் வருவார். இந்தப் பரீட்சையைத் தவிர கணினிப் பரீட்சையும், பிரித்தானியாவில் செய்முறைப் பரீட்சையும் உண்டு. அவை எங்களுக்குத் தெரியாத துறை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

புதிய பதாகைக்குப் பிறகு வருபவர் தொகை குறைந்தது. ஆனால் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி மாறிவிட்டது. “எப்ப அனுப்புவீங்க?” என்ற இடத்தில் இப்போது, “மிஸ், எழுத்துக்கு 280தான் வந்திருக்கு, என்ன செய்யலாம்?” என்கிறார்கள். நாங்கள் யார் என்பது ஊருக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்க, எங்களுக்கு இந்த ஓர் அளவுகோல் போதும்.

லண்டனிலும் மெல்பேர்னிலும் வாட்டுகளில் இருக்கும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் பெயரோ விபரமோ எதுவும் வேண்டாம். அங்கே ஒரு தாதி இன்னொரு தாதிக்கு எழுதும் கடிதத்தில் எதை விடுவார், எதை விடமாட்டார் என்பதை மட்டும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எங்கள் அடுத்த பாடம் அதுதான்.