பகிடியும் பகையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெருங்கிய சிநேகிதர்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ளும் பேச்சு, வெளியே நிற்பவர் காதில் விழும்போது ஏன் சண்டையாகவும் வசையாகவும் ஒலிக்கிறது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம். இஃது எமக்கே நேர்ந்த ஒரு சங்கடத்திலிருந்து பிறந்த விஷயமாதலால், அந்தக் கதையிலிருந்தே தொடங்குவது நலம்.

பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்தில் சேர்ந்த நாங்கள் ஆறு பேர். கைத்தொலைபேசியில் எங்களுக்கென ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. அதன் பெயர் ‘மரண அறிவித்தல்’. பெரியோர்கள் முகஞ் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலாம் வருடத்தில் எங்களுள் ஒருவருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாளாக அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஐந்து பேரும் பயந்துபோயிருந்தோம். நான்காம் நாட் காலையில் அவரே குழுவில் எழுதினார்: “அன்னார் மூன்று தினங்கள் காலமாகியிருந்து இன்று காலை கஞ்சி குடித்தார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.” பத்திரிகையிலும் வானொலியிலும் நாம் நாள்தோறும் காணும், கேட்கும் அந்த நடை! மூன்று நாட் பயமும் ஒரே சிரிப்பாகக் கரைந்தது. அன்றிலிருந்து அவருக்கு ‘அன்னார்’ என்ற பெயர் நிலைத்தது. யார் பதில் எழுதத் தாமதித்தாலும் அவர் ‘காலமானார்’. உடனே ஒருவர் கிரியை எத்தனை மணிக்கென்று கேட்பார். மற்றொருவர் எட்டுச் செலவுக்கு வடை சுடுவது யாரென்று விசாரிப்பார்.

இதற்கும் ஓர் எல்லை இருந்தது. எங்களுள் ஒருவருடைய பாட்டியார் மெய்யாகவே காலமானபோது, எவரும் சொல்லாமலே குழுவின் பெயர் மாறிற்று. அந்தியேட்டி முடியும்வரை ஒருவரும் அந்தப் பகிடியை எடுக்கவில்லை. இவ்வெல்லையை நாங்கள் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்காததனால் வெளியாருக்கு அது தெரிய நியாயமுமில்லை.

கடந்த வருட விடுமுறையில், அன்னார் தம் வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது. அடுத்தடுத்துச் சத்தம் கேட்கவே, அவசரமோ என்று அவருடைய தாயார் எடுத்துப் பார்த்திருக்கிறார். பூட்டியிருந்த திரையில் தெரிந்தவை கடைசியாக வந்த மூன்று வரிகள் மாத்திரம்:

“அன்னாரை இனிப் பார்த்துப் பிரயோசனமில்லை.”

“நாளைக்குள் முடித்துவிடுவோம்.”

“எட்டுக்கு வடை என் பொறுப்பு.”

அத்தாயார் கணவரை இழந்தவர். மகன் பள்ளிக்கூடத்திற் படிக்கும்போதே அந்த வீட்டில் எட்டுச் செலவு நடந்திருக்கிறது. எங்களுள் ஒருவருடைய இலக்கத்தைத் தேடி எடுத்து, நடுங்கும் குரலிற் கேட்டார்: “தம்பி, என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவன்?” நாங்கள் சொன்ன பதில் இருக்கிறதே, அதைவிட மோசமான பதில் ஒன்றில்லை. “அம்மா, அது சும்மா பகிடி” என்றோம். “சாவிலை என்ன பகிடி?” என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். இரண்டாவது வரியில் ‘முடிப்பது’ எதை? நாங்கள் கூட்டாகச் செய்யவேண்டிய ஓர் ஒப்படையின் கடைசிப் பகுதி அன்னாரிடம் இருந்தது. அதைப்பற்றிய பேச்சு இருபது வரி மேலே நடந்து முடிந்திருந்தது. முதல் வரி, அவர் பதில் தராததனால் அவரை எதிர்பாராமல் நாங்களே எழுதுவோம் என்ற யோசனை. மூன்றாவது வரி வழமையான வாய்ப்பாடு. எங்களுக்கு ஒவ்வொரு வரியும் முன்னொரு வரிக்கு விடை. தாயாருக்கோ விடைகள் மட்டுமே கிடைத்தன. வினாக்கள் திரைக்கு மேலே போய்விட்டன. கிடைத்த மூன்று வரிகளை வைத்துப் பார்த்தால், அவர் எடுத்த பொருளைவிட வேறு பொருளை எந்தப் புலவரும் எடுக்க முடியாது. அவர் பிழையாக வாசித்தார் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

குரல் இருந்திருந்தால் காரியம் வேறு. எழுதுபவனுக்குத் தன் குரல் தன் காதில் ஒலிக்கிறது; அஃது எழுத்தோடு போவதில்லை. 2005இல் ஜஸ்ரின் குறூகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர் இதனைச் சோதித்து வெளியிட்டனர். மாணவரிடம் சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை மெய்யாகவும் மற்றொருவருக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 78 தடவை சரியாக விளங்கிக்கொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலிற் கேட்டவர்கள் அதற்குக் கிட்டத்தட்டச் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள். மின்னஞ்சலில் வாசித்தவர்களோ 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்குமல்லவா? ஆனால் எழுதியவர்களின் நம்பிக்கை குரலுக்கும் எழுத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. ‘இது பகிடியென்று யாருக்கும் தெரியும்’ என்று நாங்களும் இப்படித்தான் நம்பியிருந்தோம்.

நிற்க, அன்புள்ளவர் ஏன் வசைமொழியிற் பேசிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு விடை எமது உறவு முறையிலேயே கிடக்கிறது. மாமனார், மாமியார் முன்னே அடக்கமாக நிற்கிறோம். மச்சானையும் மச்சாளையும் கேலி செய்யாவிட்டால் என்ன கோபமோ என்று கேட்பார்கள். றட்கிளிவ் பிறவுண் என்ற மானிடவியலாளர் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்தகைய வழக்கத்தை உலகின் பல இடங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். ஒருவர் மற்றவரைப் பரிகசிக்கலாம். மற்றவர் கோபிக்கக்கூடாது என்பது அவ்வுறவின் விதி. வேறொருவர் அதே சொல்லைச் சொன்னால் அது பகை. நாங்கள் சிநேகிதரை ‘மச்சான்’ என்று விளிக்கும்போது உறவுப் பெயரை மட்டுமல்ல, அந்த உரிமையையும் சேர்த்தே கடன் வாங்குகிறோம் போலும். சிங்களச் சகோதரரும் தம் நண்பரை அதே சொல்லால் அழைக்கிறார்கள்.

அவர் இன்னொரு வேறுபாட்டையும் காட்டினார். சில உறவுகளில் இருவரும் மாறி மாறிக் கேலி செய்யலாம். சிலவற்றில் ஒருவர் மட்டுமே செய்யலாம். மற்றவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இதை நாங்கள் நூலில் வாசித்தறியுமுன் அன்னாரின் தாயாரே எமக்குக் கற்பித்தார்.

அடுத்த சனிக்கிழமை எங்களில் இருவர் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். இம்முறை விளக்கஞ் சொல்லவில்லை. அன்னாரே தாயார் பக்கத்தில் அமர்ந்து, பேச்சை மேலே மேலே இழுத்து, முதலாம் வருடத்து அந்த அறிவித்தலைக் காட்டினார். அம்மையார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். ‘கஞ்சி’ என்ற சொல் வந்ததும் சிரித்துவிட்டார். அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் அவரல்லவா! பின்பு ஒரு கேள்வி கேட்டார்: “மற்றப் பெடியளுக்கும் இப்பிடித்தானோ எழுதுறனீங்கள்? இவனும் எழுதுறவனோ?” தேடிக் காட்டினோம். அவருடைய மகன் எங்கள் ஐவரையும் எத்தனையோ தடவை கொன்றிருந்தார். எங்களுக்கு எழுதிய அறிவித்தல்கள் எங்களுடையவற்றைவிட நீளமானவை. அதைக் கண்ட பிறகே அவர் முகம் தெளிந்தது. “எட்டை மட்டும் விடுங்கோ” என்றார். விட்டோம். வரும் செய்தி பூட்டிய திரையில் தெரியாதபடி அன்னார் தம் கைத்தொலைபேசியையும் மாற்றிக்கொண்டார். ஆனால் அம்மையார் இப்போது மகனுக்கு, “அன்னார் சாப்பிட்டாரோ?” என்று செய்தி அனுப்புவதாகக் கேள்வி.

வெளியார் பிழையாக விளங்கிக்கொண்ட கதை இது. உள்ளே இருந்த நாங்களே பிழையாக விளங்கிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

எங்களுள் ஒருவர் இரண்டாம் வருடப் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிவிட்டார். அவருக்கு ‘ரிப்பீற்’ என்று பெயர் வைத்தோம். ‘அன்னார்’ என்பது அந்நண்பர் தாமே தமக்கு வைத்துக்கொண்டது. ‘ரிப்பீற்’ நாங்கள் வைத்தது. முதலிரண்டு நாளும் அவர் சிரிக்கும் படமொன்றை அனுப்பினார். பிறகு, “சரி” என்றார். பிறகு, “நன்றி”. எங்களை ‘டேய்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லியறியாதவர் ‘நீங்கள்’ என்று எழுதத் தொடங்கினார். வெளியார் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால், ஆறு பேரிலும் மரியாதை தெரிந்தவர் இவர்தான் என்று மெச்சியிருப்பார். எங்கள் குழுவிலோ மரியாதைதான் கோபத்தின் பாஷை. அது தெரிந்திருந்தும், அதையும் பகிடியென்றே எடுத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் இரவு அவர் குழுவை விட்டு விலகினார். தவறிய செய்தியை அவர் இன்னும் வீட்டுக்கே சொல்லியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்பு அந்த ஒன்பது நாட் பேச்சையும் எடுத்து வாசித்தோம். அவர் ஒரு தடவையேனும் திருப்பி அடிக்கவில்லை. அதைவிட எமக்கு வெட்கந் தந்தது வேறொன்று. மரண அறிவித்தற் பகிடி ஒவ்வொரு தடவையும் புதிதாக வளர்ந்தது: ஒருநாள் பந்தல், ஒருநாள் பறைமேளம், ஒருநாள் அனுதாபத் தந்தி. ‘ரிப்பீற்’ வளரவேயில்லை. அதே சொல், அதே நேரம், அதே நால்வர். ஐந்தாமவர் அன்னார். அவர் அந்த ஒன்பது நாளும் பேசாதிருந்தார். பேசியிருக்க வேண்டுமென்று இன்றும் சொல்கிறார்.

பல்கலைக்கழகத்துப் ‘பகிடிவதை’யிலும் பகிடி என்ற சொல் இருக்கிறதை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த மாணவனை மூத்தவர்கள் இழிவுபடுத்திவிட்டு, இது பகிடி, இதனால் நட்பு வளரும் என்பார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருக்கிறது. அங்கே இளையவன் திருப்பிச் சொல்ல முடியாது. போதுமென்று நிறுத்தவும் முடியாது. முதலாம் வருடத்தில் எங்களுக்கும் அது நேர்ந்தது. அதை வெறுத்த நாங்களே, ஒன்பது நாள் ஒருவருக்கு அதையே செய்திருக்கிறோம்.

விலகியவரைத் தேடி அவர் அறைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டபோது, “பரவாயில்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம்” என்றார். மீண்டும் ‘நீங்கள்’! ஏறக்குறைய ஒரு மாதம் சென்று, நள்ளிரவில், வகுப்புக் குறிப்பொன்றைக் கேட்டு, “டேய், செத்துப்போனீங்களோடா எல்லாரும்?” என்று எழுதினார். அன்றிரவு நாங்கள் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

அவர் இப்போது குழுவில் இருக்கிறார். தவறிய பாடத்திலும் சித்தியடைந்துவிட்டார். சென்ற மாதம் தம்மைத் தாமே ‘ரிப்பீற்’ என்று குறிப்பிட்டு ஒரு வரி எழுதினார். சிரிப்பதா, சிரிக்காமல் இருப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாலைவரை குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் அவரே, “அனைவரும் காலமானார்கள்” என்று எழுதினார்.