எண்ணுக்கு அனுப்புவதா, முகவரிக்கு அனுப்புவதா?

சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலாவுக்காக ஒரு மாணவியின் தாயார் என் கைபேசி எண்ணுக்கு 650 ரூபாய் அனுப்பினார். அவர் திரையில் பணம் போய்விட்டது. என் கணக்கில் வரவில்லை. அந்தப் பிள்ளையைப் பட்டியலில் சேர்ப்பதா என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் பணம் நான் எப்போதோ வேறொரு செயலியில் இணைத்த பழைய கணக்கில் கிடந்தது.

காரணம் இதுதான். யுபிஐ முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள வால்தான் வழிகாட்டி. @oksbi என்றிருந்தால், என்பிசிஐ அமைப்பு அதற்குப் பொறுப்பான ஸ்டேட் வங்கியைக் கேட்கும். (நம் கணக்கு வேறு வங்கியிலும் இருக்கலாம்.) அது உரிய கணக்கையும் பெயரையும் சொல்லும்.

கைபேசி எண்ணுக்கு வால் கிடையாது. எனவே அதை முதலில் ஒரு முகவரியாக மாற்றியாக வேண்டும். செயலி தன் பதிவேட்டிலோ, என்பிசிஐயின் பொதுப் பதிவேட்டிலோ தேடும். ஒரே எண்ணில் நமக்கு இரண்டு செயலிகள் இருந்தால், அனுப்புபவரின் செயலியைப் பொறுத்து விடை மாறலாம்.

இதைவிடச் சிக்கல், ஒருவர் கைவிட்ட எண். தொலைபேசி நிறுவனம் அதைச் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய இணைப்பு நீங்காமல் இருந்தால் பணம் முந்தைய உரிமையாளருக்கே போகும். நம் தொடர்புப் பட்டியலில் நாம் சேமித்த பெயர் இதைக் காட்டாது. தொகையைச் செலுத்துமுன் வரும் வங்கிப் பெயர்தான் காட்டும்.

இப்போது பெற்றோருக்கு எண்ணைத் தருவதில்லை, முகவரியைத்தான் தருகிறேன். திரையில் என் பெயர் வந்ததா என்று கேட்ட பிறகே, ரகசிய எண்ணை அழுத்தச் சொல்கிறேன்.