டிசம்பர் 27 ராத்திரி 12 மணி: ஒரு ரினியூவல் கதை

நான் ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட். டிசம்பர் வந்தாலே என் போன்லேர்ந்து உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நிறைய மெசேஜ் போகும். "உங்க பாலிசி ரினியூவலுக்கு வந்திருக்கு"ன்னு. பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. தப்பு சொல்ல மாட்டேன், நானும் மத்தவங்க அனுப்புற ரிமைண்டரை அப்படித்தான் தள்ளிவிடுவேன்.

இந்த மாசம் அப்படி ஒரு மெசேஜுக்கு ஒருத்தர் பதில் போட்டார். வேளச்சேரியில இருக்கார், 31 வயசு, ஐ.டி. வேலை. "அண்ணா, ஆபீஸ்லயே 3 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு. மூணு வருஷமா இதைக் கட்டுறேன், ஒரு தடவைகூட கிளெய்ம் பண்ணலை. இந்த வருஷம் விட்டுடலாம்னு பார்க்கிறேன்." நான் உடனே போன் போட்டேன். ஏன்னா, அவர் விடணும்னு சொன்னது சரியாக விடக்கூடாத வருஷத்தில்.

அவர் பாலிசி தொடங்கிய தேதி 2022 டிசம்பர் 28. தொகை 5 லட்சம். படிவம் நிரப்பும்போதே தனக்கு பி.பி. இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நேர்மைக்குத்தான் வெயிட்டிங் பீரியட்னு ஒன்று வருகிறது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கும், அதனால் வரும் சிக்கல்களுக்கும் குறிப்பிட்ட மாதங்கள் கழித்துத்தான் கம்பெனி பணம் கொடுக்கும். அதிகபட்சம் 48 மாதம் வரை வைக்கலாம்னு முன்பு இருந்தது. ஏப்ரல் 2024-ல் ஒழுங்குமுறை ஆணையம் அதை 36 மாதமாகக் குறைத்தது. இவர் பாலிசியில் முதலிலிருந்தே 36 மாதம்தான். விரல் விட்டு எண்ணிப் பாருங்க: 2025 டிசம்பர் 27-ஓட அந்த 36 மாதம் முடியுது. அதாவது, பி.பி.யால நாளைக்கு ஏதாவது ஆனா செலவை ஏத்துக்கிற நிலைக்கு பாலிசி வர்றதே இந்த ரினியூவல்லதான். மூணு வருஷம் வரிசையில நின்னுட்டு, கவுன்ட்டர் கிட்ட வந்ததும் திரும்பிப் போற மாதிரி.

"சரிண்ணா, விட்டுட்டு அப்புறம் வேணும்னா புதுசா எடுத்துக்கிறேனே?" எடுக்கலாம். பிப்ரவரியில் எடுத்தால் பி.பி.க்கு மறுபடி முதல் மாதத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பாங்க. கம்பெனி 36 மாதம் வெச்சிருந்தா அது 2029 பிப்ரவரி. அதுவும் புது விண்ணப்பம் என்பதால் உடல்நிலையை மறுபடி பார்ப்பாங்க. பிரீமியத்தை ஏத்தலாம், வேண்டாம்னும் சொல்லலாம். ஆனா இருக்கிற பாலிசியை ரினியூ பண்ணும்போது, முன்னாடி கிளெய்ம் பண்ணீங்க என்பதற்காகவே மறுக்க முடியாது.

வெயிட்டிங் பீரியட் ஒண்ணு இல்லை, மூணு இருக்கு. மத்த ரெண்டையும் சுருக்கமா சொல்லிடறேன். புது பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர எந்த அட்மிஷனுக்கும் பணம் கிடைக்காது. அடுத்து, கண்புரை, ஹெர்னியா, மூலம், கிட்னி கல் மாதிரி ஒரு பட்டியல். உங்களுக்கு முன்னாடி இருந்ததோ இல்லையோ, பெரும்பாலான பாலிசிகளில் இதுக்கு 24 மாதம் காத்திருக்கணும். இவருக்கு இது ரெண்டும் எப்பவோ முடிஞ்சுபோச்சு. பாலிசி அறுந்தா இதுவும் மறுபடி முதல்லேர்ந்து வரும்.

இப்போ கிரேஸ் பீரியட். இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. வருஷ பிரீமியம் கட்டுறவங்களுக்கு, தேதி முடிஞ்ச பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு. அதுக்குள்ள கட்டினா காத்திருந்த மாதங்கள், போனஸ் எல்லாம் தொடரும். ஆனா பணம் கட்டாத அந்த நாட்களுக்கு கவர் கிடையாது. என் கிளையன்ட் ஒருத்தர் சில வருஷம் முன்னாடி "ஒரு மாசம் டைம் இருக்கே"ன்னு இருந்தார். தேதி முடிஞ்ச ஆறாவது நாள் டெங்குவோட அட்மிட். அட்மிட் ஆன பிறகு அவர் மனைவி போன்லேயே பணம் கட்டினாங்க. பாலிசி உயிரோட வந்தது, டெங்கு பில் வரலை. கம்பெனி மேல தப்பு இல்லை, பாலிசியிலேயே எழுதியிருக்கு. நான்தான் அதை அவருக்கு உரக்கச் சொல்லியிருக்கணும். அதிலேர்ந்து எல்லா ரிமைண்டர்லயும் இந்த வரியைச் சேர்த்துட்டேன்.

அடுத்து, கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற பலன். "கட்டின காசு வீண்"னு அவர் சொன்னாரே, அதுக்கு பதில் இது. அவர் பாலிசியில் கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 சதவீதம் போனஸ். 2023-ல் ரினியூ பண்ணினப்போ 5.5 லட்சம், போன வருஷம் 6 லட்சம், இப்போ பண்ணினா 6.5 லட்சம். போனஸுக்காகத் தனியா பிரீமியம் கிடையாது. எல்லா பாலிசியிலும் இதே சதவீதம் இருக்காது. ஆரோக்கிய சஞ்சீவனியில் வருஷத்துக்கு 5 சதவீதம், மொத்தம் 50 சதவீதத்தோடு நின்னுடும். சில பாலிசியில் தொகை கூடாம பிரீமியத்தில் தள்ளுபடி தருவாங்க.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த ஓரத்துக்குப் போயிடுவாங்க: "போனஸ் போயிடுமே"ன்னு 40 ஆயிரம் பில்லைக் கையிலேர்ந்து கட்டுவாங்க. வேண்டாம். ஒரு கிளெய்ம் பண்ணினா, இவர் மாதிரி பாலிசியில் போனஸ் ஒரு படி இறங்கும். 6 லட்சம் 5.5 ஆகும். அடிப்படை 5 லட்சத்தைத் தொடவே மாட்டாங்க. போனஸ் உங்க கைக்கு வர்ற பணம் இல்லை, பெரிய பில் வந்தா மட்டும் உதவுற கூடுதல் இடம். கைக்காசு 40 ஆயிரம் நிஜம். என் கருத்து, 3000, 4000 ரூபாய் பில்லுக்கு யோசிங்க, அதுக்கு மேல தயங்காம கிளெய்ம் பண்ணுங்க.

பேசிக்கிட்டே இருக்கும்போது அவர் மனசு மாறி, "அப்போ 10 லட்சமா ஏத்திடலாமா?"ன்னார். ஏத்தலாம், நல்லதுதான். ஆனா புதுசா சேர்ற 5 லட்சத்துக்கு வெயிட்டிங் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். அடுத்த வருஷம் பி.பி. சம்பந்தமா கிளெய்ம் வந்தா பழைய தொகை வரைக்கும்தான். இதைச் சொல்லாம விற்கிற ஏஜென்ட்டும் இருக்காங்க, எங்க ஆளுங்கதான்.

ஆபீஸ் இன்சூரன்ஸை நான் குறை சொல்லலை. அதுல பெரும்பாலும் வெயிட்டிங்கே இருக்காது, அதனால சின்ன அட்மிஷனுக்கு முதல்ல அதை உபயோகிங்க, இங்க போனஸும் தங்கும். ஆனா வேலையோட கடைசி நாள்ல அதுவும் பொதுவா முடிஞ்சுடும்.

டிசம்பர் 27 சனிக்கிழமை. அவரை அதுக்கு முந்தின திங்கட்கிழமைக்குள்ள கட்டச் சொன்னேன், கார்டு மாட்டிக்கிட்டா சரிபண்ண நாள் வேணுமே. கட்டிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "அது போதாது தம்பி, புது பாலிசி ஷெட்யூலைத் திறந்து, முதல் பாலிசி தொடங்கிய தேதி என்னன்னு படிங்க"ன்னேன். சில சமயம் ரினியூவலுக்கு பதிலா புது பாலிசியாவே போட்டுடுவாங்க. அப்போ அங்க இந்த வருஷத் தேதி இருக்கும், மூணு வருஷக் கணக்கு காணாமப் போயிருக்கும். அப்படி இருந்தா அன்னைக்கே கம்பெனிக்கு மெயில் போடணும்.

கொஞ்ச நேரம் தேடினார். "28-12-2022ன்னு இருக்குண்ணா. கீழே போனஸ் 1,50,000." சரி, போனை வைங்கன்னேன்.