முள் குத்திய கால், குத்தாத கால்



வெறுங்காலோடு நடந்து போகிறீர்கள். வலது பாதத்தில் ஒரு கருவேல முள் ஏறுகிறது. ‘ஆ’ என்று வாய் திறப்பதற்குள் கால் மேலே வந்துவிடுகிறது. இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். உணர்வு நியூரான், இடை நியூரான், இயக்க நியூரான் மூன்றையும் அம்புக்குறியால் இணைத்து, அனிச்சை வில் என்று பரீட்சையில் படம் வரைவோம். அந்தப் படத்தில் பெரும்பாலும் இடது கால் இருக்காது. வலது காலைத் திடீரென்று தூக்கினால் உடம்பின் எடை முழுவதும் இடது காலில் வந்து இறங்கும். அப்படியும் நாம் விழுவதில்லையே, அது எப்படி?

முள் குத்திய இடத்திலிருந்தே தொடங்குவோம். பாதத்தின் தோலில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை உணர்வு நியூரானின் ஒரு நுனி. அதன் மறுநுனி முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒரே செல், பெரியவர்களிடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்! முள்ளின் செய்தி இதன் வழியே நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், தண்டுவடத்தை அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும்.

உணர்வு நியூரான் தண்டுவடத்தின் முதுகுப்புறமாக உள்ளே நுழைகிறது. இயக்க நியூரான் வயிற்றுப்புறமாக வெளியேறுகிறது. நடுவிலுள்ள சாம்பல் நிறப் பகுதியில்தான் இடை நியூரான்கள் வேலை செய்கின்றன. படத்தில் ஒன்றை வரைகிறோம், உண்மையில் அவை பல. சில இடை நியூரான்கள் வலது பின்தொடைத் தசைக்குச் செல்லும் இயக்க நியூரான்களைத் தூண்டுகின்றன, முழங்கால் மடங்குகிறது. அதே வேளையில் வேறு சில, முன்தொடைத் தசைக்கான இயக்க நியூரான்களை அடக்குகின்றன. முன்தொடைத் தசை இறுகினால் கால் நீளும், மடங்காது. ஆகவே ஒன்றைத் தூண்டும்போது மற்றொன்றை அடக்கியே ஆக வேண்டும்.

இன்னும் சில இடை நியூரான்கள் தண்டுவடத்தின் இடது பக்கத்துக்குச் செய்தியைக் கடத்துகின்றன. அங்கே எல்லாம் தலைகீழ். முன்தொடைத் தசை இறுகுகிறது, பின்தொடைத் தசை தளர்கிறது, இடது கால் விறைத்து நின்று உடம்பைத் தாங்குகிறது. இங்கிலாந்தின் சார்ல்ஸ் ஷெரிங்டன், மூளையின் தொடர்பு துண்டிக்கப்பட்ட விலங்குகளிடமும் இந்த இரட்டை வேலை நடப்பதை ஆராய்ந்தார். நியூரான்களின் செயல்பாட்டைக் கண்டறிந்ததற்காக 1932இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முள் குத்தியதிலிருந்து கால் மடங்கத் தொடங்கும் வரை ஆகும் நேரம் நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மூளைக்கும் செய்தி போகிறது. ஆனால் அது வலியாக உணரப்பட்டு, முடிவெடுத்து, கட்டளை திரும்பி வருவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். முதலில் ‘சுருக்’கென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து எரிச்சலும் கடுப்புமாக இன்னொரு வலி என்று இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவது வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகளின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அது வந்து சேரும்போது கால் மேலே போய் வெகுநேரமாகியிருக்கும்.

அனிச்சைச் செயலில் மூளைக்குப் பங்கே இல்லை என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. அது சரியல்ல. ஊசி போட்டுக்கொள்ளும்போது கையை இழுக்காமல் வைத்திருக்கிறோமே! மூளையிலிருந்து இறங்கிவரும் இழைகள் அதே இடை நியூரான்களை அடக்கிவைப்பதால்தான் அது முடிகிறது. மூளை தொடங்கிவைப்பதில்லை. ஆனால் தணிக்கவும் கூட்டவும் அதனால் முடியும்.

இந்த வில் எங்கே அறுந்தது என்பதை நோயே காட்டிக்கொடுக்கும். இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்திலுள்ள இயக்க நியூரான்களை அழிக்கிறது. அந்தக் காலில் முள் குத்தினால் வலிக்கும், ஆனால் காலை இழுக்க முடியாது. முதுகுத்தண்டில் மேற்பகுதியில் அடிபட்டுத் தண்டுவடம் அறுந்தவர்களுக்கு நிலைமை வேறு. தொடக்கத்தில் அனிச்சைகள் அடங்கிப்போகும், சில வாரங்களில் திரும்பும். அப்போது பாதத்தைக் குத்தினால் கால் மடங்கும், அவருக்கோ எதுவும் தெரியாது. கால் அசைவதைப் பார்த்துவிட்டு உணர்வு வந்துவிட்டது என்று வீட்டார் நம்பிவிடக் கூடாது.

உணர்வு நியூரான் பழுதானால் வில்லின் முதல் கண்ணியே இல்லை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முதலில் நீளமான நரம்புகள் கெடுவதால், பாதம் முதலில் மரத்துப்போகிறது. முள் ஏறினாலும் வலிக்காது, கால் விலகாது, அதே முள்ளின் மேல் நடந்துகொண்டே இருப்பார்கள். புண் பெரிதாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும். உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், தினமும் இரவில் அவருடைய உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.