வாசல் பலகையில் எட்டு வரி



நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு வைத்திருக்கும் சில குடும்பங்கள், மாடியில் இரண்டு மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகின்றன. கீழே குடும்பம், மேலே விருந்தாளிகள். ஹோம்ஸ்டே என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் வாசலில் மாட்டும் வரவேற்புப் பலகையில் என்ன எழுதலாம் என்று இன்று பார்ப்போம்.

பல பலகைகள் 'நல்வரவு' என்று தொடங்கி அடுத்த வரியிலேயே 'கூடாது' பட்டியலாகிவிடுகின்றன. சத்தம் போடக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, துணியைக் கம்பியில் காயப்போடக் கூடாது. காசு கொடுத்து வந்தவர் மூன்றாவது கூடாதோடு நகர்ந்துவிடுவார். பதினேழாவது வரியில் கரடி நடமாட்டம் பற்றி எழுதியிருக்கும். அது யார் கண்ணிலும் படாது.

மலைப்பாதை ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு பெட்டியை இறக்குகிறவருக்கு அப்போது தெரிய வேண்டியவை மூன்று: வெந்நீர், சாப்பாடு, இருட்டிய பிறகு என்ன செய்வது. பலகைக்கு இவை போதும். வாடகைக் கணக்கு, அறை காலி செய்யும் நேரம், வைஃபை கடவுச்சொல் எல்லாம் அறைக்குள் ஒரு அட்டையில் இருக்கட்டும்.

வெந்நீரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். இந்த வீடுகளில் அதிகம் இருப்பது 15 லிட்டர் கெய்சர். குழாயில் 15 டிகிரியில் வரும் தண்ணீரை அது 60 டிகிரிக்குச் சூடாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 வாட் கெய்சருக்கு அதற்கு 25 நிமிடம் பிடிக்கும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 27 லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளியும் கொஞ்சமும். முதல் ஆள் தாராளமாகக் குளித்துவிட்டால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். 'வெந்நீர் வசதி உண்டு' என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், கெய்சர் கெட்டுவிட்டது என்று காலை ஆறு மணிக்குக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

இருட்டு விஷயத்தில் காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். 'இரவில் வெளியே போகாதீர்கள்' என்று மட்டும் இருந்தால், வீட்டுக்காரர் தூங்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். கோத்தகிரியில் காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள் மேய வருகிறது. கரடி எண்ணெய், பழம், மிச்சச் சாப்பாட்டு வாசனைக்கு வீடு வரை வருகிறது. அதை எழுதிவிட்டால் யாரும் வாதாட மாட்டார்கள்.

ஒரு மாதிரி சொல்கிறேன், கேளுங்கள்.

"வாருங்கள், களைத்து வந்திருப்பீர்கள்.
குளிக்கும் முன் கெய்சரை அரை மணி நேரம் போடுங்கள். ஒரு ஆளுக்கு வரும். அடுத்தவர் இன்னும் அரை மணி பொறுக்க வேண்டும்.
ராத்திரிச் சாப்பாடு எங்கள் சமையல்தான். மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிடுங்கள்.
கொதிக்க வைத்த தண்ணீர் படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.
பொழுது சாய்ந்தால் காட்டெருமையும் கரடியும் வரும். நடந்து வெளியே போகாதீர்கள்.
மிச்சச் சாப்பாட்டை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். வெளியே வைக்க வேண்டாம்.
எந்த நேரமானாலும் கீழே மணியை அடியுங்கள், நாங்கள் இருப்போம்.
அவசரத்துக்கு 112."

எட்டே வரி. தண்ணீர் வரிக்கு ஒரு காரணம் உண்டு. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. தடை என்று எழுதுவதைவிடத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதுவது மேல். மணி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். மலையில் கைப்பேசி சிக்னல் வரும், போகும். மணி எப்போதும் அடிக்கும்.

பெட்டியை இறக்கிவைக்கும் இடத்துக்கு நேரே, கண் மட்டத்தில் மாட்டுங்கள். கதவுக்குப் பின்னால் மாட்டினால் கதவு திறந்திருக்கிற பகல் முழுவதும் அது தெரியாது. பத்தடி தள்ளி நின்று படிக்க ஓர் அங்குல உயர எழுத்து வேண்டும். வெறும் காகிதம் மலைப் பனியில் ஊறி மை கலங்கிவிடும், அதனால் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். பக்கத்தில் சின்னக் கரும்பலகை ஒன்று வைத்து, இன்றைய மின்தடை நேரம், நாளைக் காலைப் பலகாரம் இரண்டையும் தினமும் மாற்றி எழுதலாம். சிலர் பிரியமாக விருந்தாளி பெயரையும் அறை எண்ணையும் அதில் எழுதுகிறார்கள். வாசலுக்கு வரும் எல்லாரும் அதைப் படிப்பார்கள், ஆகவே அது வேண்டாம்.

எழுதி முடித்ததும், உங்கள் வீட்டுக்கு இதுவரை வராத ஒருவரை அதன் முன் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் அவர் "வெந்நீர் எப்போது வரும்?" என்று கேட்டால், அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.