எந்த அகவைக்கு எந்தத் தமிழ்?



அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலின் கதையை நீங்கள் அறிவீர்கள். குறும்பரோடு பொர வந்த தொண்டைமானின் யானைக்காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அவன் வாளால் வெட்டினான், குருதி பெருகியது, கொடிக்கடியில் இறையுரு இருந்தது.

ஐந்து அகவைப் பிள்ளைக்கு இதனை, "யானை கால்ல கொடி சுத்திக்கிச்சு" என்றே சொல்லுங்கள். "சுற்றிக்கொண்டது" என்னும் முடிபு வீட்டுப் பேச்சில் வழங்குவதில்லை; பள்ளியிற் படித்த பின்னரே அதற்குச் செவி பழகும். "அப்புறம்?" என்று பிள்ளை கேட்பது நின்றுவிட்டால், முடிபிலே தடுக்கிவிட்டது என்று அறிக.

பேச்சுநடை வேறு, கலப்புநடை வேறு. "சுத்திக்கிச்சு" தமிழ்ச்சொல்லின் திரிபே. "பிளட் வந்துச்சு" என்பதன்றோ கலப்பு! "குருதி வந்துச்சு" என்று சொல்லி விரலைக் கீறுவதுபோற் காட்டினால் பிள்ளைக்குப் பொருள் விளங்கிவிடும்.

பத்து அகவையினர்க்கு நிகழ்ச்சியைச் செந்நடையிலும், மாந்தர் கூற்றைப் பேச்சுநடையிலும் சொல்லலாம். தொண்டைமான் பாகனை நோக்கி, "ஏம்பா, யானை ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டான் எனலாம். ஆனால், ஒரே தொடரில் இரண்டையும் பிணைத்து, "யானையின் கால்ல சுத்திக்கொண்டது" என்றால் பிள்ளைகள் நகைப்பர்.

பெரியோர் அவையில் அத்தொண்டைமான் யார், குறும்பர் யாவர் என்று வரலாறு ஆயும்போது செந்நடையே தக்கது. அங்கே சான்று எது, செவிவழிச் செய்தி எது என்று பிரித்துக் காட்டவேண்டும். பேச்சுநடையில் அவ்வேலையை "வெட்டினானாம்" என்பதிலுள்ள "ஆம்" ஈறு செய்கிறது. ஐந்து அகவைப் பிள்ளையிடத்தும் அவ்வீற்றை விட்டுவிடாதீர்கள்.